டைல்ஸை உடைத்துவிட்டு என்னை அழைப்பவர்களுக்கு

வாடகை வீடுகளில் குடியிருக்கும் அன்பர்களுக்கு,

சென்னையின் தெற்குப் புறநகரில் டைல்ஸ் வேலை எடுத்துச் செய்பவன் நான். புது வீட்டு வேலை எனக்குக் குறைவு. பெயர்ந்தது, உடைந்தது, ஒழுகுவது என்று பழைய வீட்டு வேலைதான் அதிகம். அதில் உங்களிடமிருந்து வரும் அழைப்பைக் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். பக்கத்து அறையில் யாரோ தூங்குவதுபோல மெதுவாகப் பேசுவீர்கள். "அண்ணே, ஹால்ல ஒரே ஒரு டைல்ஸ் விட்டுப்போச்சு. ஓனர் ஊருக்குப் போயிருக்காரு, ஞாயித்துக்கிழமைதான் வருவாரு. அதுக்குள்ள தெரியாம மாத்திக் குடுத்துர முடியுமா?" முடியாது என்று சொல்லிவிடுவேன். நான் கறார் பேர்வழி என்று நினைத்துக்கொள்கிறீர்கள். காரணம் டைல்ஸ் பெட்டியின் மேலேயே அச்சடித்திருக்கிறது.

கடையில் டைல்ஸ் பெட்டி வாங்கும்போது அதன் பக்கவாட்டைப் பாருங்கள். மாடல் பெயருக்குக் கீழே பேட்ச் எண், ஷேட் எண் என்று இருக்கும். குஜராத்தின் மோர்பியிலிருந்துதான் நம் ஊருக்குப் பெரும்பாலான டைல்ஸ் லாரியில் வருகிறது. ஒரே மாடலை அங்கே ஒரே சூளையில் இன்னொரு நாள் சுட்டாலும் நிறம் ஒரு துளி தள்ளிப் போகும். அளவிலும் அரை மில்லி, ஒரு மில்லி வித்தியாசம் வரும். தனியாக வைத்துப் பார்த்தால் தெரியாது. நாலு பழைய டைல்ஸுக்கு நடுவில் புதியதை ஒட்டினால், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படும். இதுவும் அந்த மாடல் கிடைத்தால்தான். ஐந்து வருடத்துக்கு முன் போட்ட தரையின் மாடலைக் கடைக்காரரிடம் கேட்டால், அவர் போனிலிருந்து தலையைத் தூக்காமலேயே "நின்னு போச்சு" என்பார். சரியான ஜோடி அநேகமாக ஒரே இடத்தில்தான் இருக்கும்: வீடு கட்டும்போது மிச்சமான நாலைந்து டைல்ஸ், ஓனர் வீட்டுப் பரணிலோ மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியிலோ. அவருக்குத் தெரியாமல் மாற்ற வேண்டுமென்றால் அவரிடமே போய்த்தான் கேட்க வேண்டும்.

ஆகவே மன்னிப்புக் கேட்பது எப்படி என்பதுதான் நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது. அதற்கு முன் உடைந்ததை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். உங்கள் மேல் இல்லாத பழிக்கும் சிலர் மன்னிப்புக் கேட்டுவிடுகிறீர்கள்.

கனமான பொருள் விழுந்து உடைந்த டைல்ஸில் விழுந்த இடம் தெரியும். ஒரு புள்ளியில் பளபளப்பு சில்லாகப் பெயர்ந்திருக்கும், அங்கிருந்து விரிசல்கள் கிளம்பியிருக்கும். அப்படி ஒரு புள்ளியே இல்லாமல், விரிசல் ஒரு டைல்ஸில் தொடங்கி கிரவுட்டைத் தாண்டி அடுத்தடுத்த டைல்ஸிலும் நேர்கோடாக ஓடினால், அசைந்தது கீழே இருக்கும் தரை. அதற்கும் உங்கள் கையிலிருந்து விழுந்த குழவிக்கும் சம்பந்தமில்லை. சித்திரை வெயிலில் இரண்டு டைல்ஸ் கூடாரம்போல எழும்பி நிற்பதும் அப்படித்தான். ஒட்டும்போது ஓரத்தில் இடைவெளி விடாமல் சுவரோடு இறுக்கிவிட்டிருப்பார்கள். சூட்டில் விரிய இடமில்லாமல் தூக்கிக்கொள்ளும். இவற்றை ஓனருக்குச் சொல்லுங்கள், ஆனால் பணம் தருகிறேன் என்று சொல்லாதீர்கள்.

அடுத்து ஒரு நாணயத்தை எடுத்து உடைந்த டைல்ஸையும் அதைச் சுற்றியிருப்பவற்றையும் தட்டிப் பாருங்கள். அடியில் கலவை நிறைந்திருந்தால் கெட்டிச் சத்தம் வரும். பொள்ளலாக இருந்தால் வெற்றுச் சத்தம் கேட்கும். அவசரத்தில் ஒட்டும் ஆட்கள் நாலு மூலையிலும் நடுவிலும் கலவையை உருண்டையாக வைத்து டைல்ஸைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். அந்த வெற்றிடத்தின் மேல் கனம் விழுந்தால் டைல்ஸ் குறுக்கே பிளந்துவிடும். கெட்டியாக உட்கார்ந்த டைல்ஸ் அதே அடிக்கு ஒரு சில்லு பெயர்ந்ததோடு தப்பிக்கும். பொள்ளலாக இருந்ததால் உங்கள் பொறுப்பு போய்விடாது, விழுந்தது உங்கள் கையிலிருந்துதானே. ஆனால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான் என்ற பேச்சை அந்தச் சத்தம் கொஞ்சம் தளர்த்தும்.

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. மாடியில் ஒரு இளம் தம்பதி, கீழே ஓனர். சிலிண்டர் போடும் பையன் வாசலிலேயே வைத்துவிட்டுப் போக, அந்தப் பெண் அதை விளிம்பில் உருட்டிக்கொண்டு சமையலறைக்குக் கொண்டுபோயிருக்கிறார். உள்ளே இருக்கும் கேஸ் 14.2 கிலோ, இரும்பும் ஏறக்குறைய அதே அளவு. ஆக முப்பது கிலோ. ஹாலின் நடுவில் கை நழுவியது. இரண்டுக்கு இரண்டு அடி வெட்ரிஃபைடு டைல்ஸ், மூலைக்கு மூலை பிளந்துவிட்டது.

அன்று மாலையே கணவரும் மனைவியும் கீழே இறங்கிப்போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை சரி. பதற்றத்தில் கணவர், "எவ்வளவு ஆனாலும் குடுத்துர்றோம் அங்கிள்" என்று சொன்னதுதான் வினையாகிவிட்டது. பெரியவர் கெட்டவர் இல்லை. பரணில் தேடினார், டைல்ஸ் இல்லை. தெரிந்த கடையில் கேட்டார், மாடல் நின்றுவிட்டது. பொருந்தாததை நடு ஹாலில் ஒட்டினால் அசிங்கம், அதனால் ஹால் முழுவதையும் மாற்றுவதுதான் முறை என்று முடிவுக்கு வந்துவிட்டார். பெயர்த்து, அள்ளி, புதிது ஒட்ட சதுர அடிக்கு 140 ரூபாய் என்று யாரோ சொல்ல, 220 சதுர அடிக்கு முப்பதாயிரத்தைத் தாண்டியது. எவ்வளவு ஆனாலும் என்று சொன்னவர் வாயைத் திறக்க முடியவில்லை.

என்னை அழைத்தது பெரியவர்தான். ஹாலைத் தட்டிப் பார்த்தேன். உடைந்ததும் அதன் பக்கத்தில் இரண்டும் பொள்ளல். படுக்கையறையிலும் அதே டைல்ஸ் போட்டிருந்தது. பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லி, சுவரோரம் தட்டிக்கொண்டே போனேன். பீரோவுக்குப் பின்னால் மூலையில் ஒன்று நன்றாகப் பொள்ளலாகச் சத்தம் கொடுத்தது. எனக்கு அது போதும். பெயர்க்கும்போது முழுசாக வருவது பொள்ளல் டைல்ஸ்தான், கெட்டியாகப் பிடித்தது உடைந்துதான் வரும். நாலு பக்கமும் கிரவுட்டை கட்டிங் மெஷினால் வெட்டி, ஓரத்தில் மெல்லிய பட்டை உளியைக் கொடுத்து, ஒரே பக்கமாக நெம்பாமல் மாற்றி மாற்றி நெம்பினால் கிளம்பி வந்துவிடும். வராமலும் போகலாம், பத்தில் ஒன்றிரண்டு கடைசி நேரத்தில் மூலை விடும். இதைப் பெரியவரிடம் முதலிலேயே சொன்னேன். உடைந்தால் அது பீரோவுக்குப் பின்னால்தானே என்றார். அப்போதே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது எனக்கு.

முழுசாகவே வந்தது. ஹாலில் உடைந்ததை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக உடைத்து எடுத்தோம். ஓரத்திலிருந்து அடித்தால் பக்கத்து டைல்ஸின் விளிம்பு போய்விடும். பிறகு அடியில் இருந்த பழைய கலவையை ஐந்து மில்லி அளவுக்குக் கொத்தி இறக்கினேன். இந்த வேலையைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். இறக்காமல் பசையை வைத்தால் புது டைல்ஸ் அந்தப் பசையின் கனத்துக்கு மேலே எழும்பி நிற்கும், வீட்டில் எல்லோருடைய கால் விரலும் அதில் தடுக்கும். அடெசிவைப் பல் கரண்டியால் முழுதும் இழுத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, நாலு பக்கமும் மட்டம் பார்த்து உட்கார வைத்தேன். மறுநாள் கிரவுட். அதுவரை யாரும் மிதிக்கக் கூடாது, சிலிண்டரை இரண்டு மூன்று நாளைக்கு அந்தப் பக்கமே உருட்டக் கூடாது என்று சொன்னபோது அந்தப் பெண், "இனிமே உருட்டவே மாட்டேன்ணே" என்றார். படுக்கையறை மூலைக்கு நிறம் ஓரளவு ஒத்துப்போகும் புது டைல்ஸ்.

செலவைப் பாருங்கள். மேஸ்திரி கூலி 1,200 ரூபாய், அடெசிவ் 150, கிரவுட் 80, பிளேடு 120. மொத்தம் 1,550. புது டைல்ஸ் தனியாக ஒன்று தர மாட்டார்கள், நாலு கொண்ட பெட்டியாகத்தான் வாங்க வேண்டும். பதினாறு சதுர அடி, அடி 55 ரூபாய் வீதம் 880. எல்லாம் சேர்த்து 2,430. பொள்ளல் சத்தத்தைப் பெரியவரும் காது கொடுத்துக் கேட்டிருந்தார். "பொட்டிக் காசு நான் குடுக்குறேன், மிச்சம் மூணு நம்ம வீட்டுலதானே இருக்கும்" என்றார். தம்பதி 1,550 ரூபாயை அன்றைக்கே கொடுத்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது கூலிதான். ஒரு டைல்ஸுக்கு என்ன ஆயிரத்து இருநூறு என்று நீங்கள் கேட்பீர்கள், ஓனர் டைல்ஸ் விலையை மட்டும் நினைத்து இருநூறு ரூபாய் என்பார். ஒரு டைல்ஸுக்கும் பத்து டைல்ஸுக்கும் ஆள் வந்து போகும் நாள் ஒன்றுதான். அரை நாள் கூலிக்கு யாரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வர மாட்டார்கள். நீங்கள் தருவதாகச் சொல்லும் தொகையில் இந்தக் கூலி இருக்க வேண்டும், இல்லையென்றால் மன்னிப்பு அரைகுறையாக நிற்கும்.

ஓனருக்கு அனுப்ப என்னிடம் வாசகம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஏறக்குறைய இதுதான்:

"வணக்கம் அங்கிள். இன்று காலை ஹாலில் சிலிண்டர் சாய்ந்து ஒரு டைல்ஸ் உடைந்துவிட்டது. என் கவனக்குறைவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள். போட்டோ அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு டைல்ஸை எடுத்துவிட்டு வேறு ஒட்டும் செலவு, ஆள் கூலி உட்பட, என்னுடையது. உங்களிடம் மிச்ச டைல்ஸ் இருக்கிறதா? இல்லையென்றால் பழைய பில்லோ பெட்டியோ இருந்தால் மாடலும் ஷேட் எண்ணும் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி இருந்தால் அவரையே கூப்பிடலாம். நீங்கள் சொன்ன பிறகுதான் கை வைப்பேன்."

போனில் பேசினாலும், நேரில் போய்ச் சொன்னாலும், இதைப் பிறகு எழுத்திலும் அனுப்பிவிடுங்கள். "அந்த ஒரு டைல்ஸ்" என்று எல்லை போட்டுச் சொல்லியிருப்பதைப் பாருங்கள். எவ்வளவு ஆனாலும் என்று சொன்னால் கேட்பவர் மனதில் ஹால் முழுதும் பெயர்ந்துவிடும். என்ன உடைந்தது, எதைச் செய்து தருவீர்கள், அவரிடமிருந்து என்ன வேண்டும் என்ற மூன்றும் இருந்தால், திட்டிக்கொண்டே படித்தாலும் பெரும்பாலானவர்கள் பரணைப் பார்க்கப் போய்விடுவார்கள். வேலைக்காரப் பெண் மேலும் பிள்ளை மேலும் பழியைப் போடாதீர்கள். வீட்டை வாடகைக்கு எடுத்தது அவர்கள் இல்லை.

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகிவிடுபவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். மூன்று வருடம் கழித்துக் காலி செய்யும் நாளில், அன்றைய விலைக்கு, பில் இல்லாமல், பெயின்ட், கிளீனிங் என்று மற்ற கணக்கோடு கலந்து அது பிடிக்கப்படும். எது டைல்ஸுக்கு, எது சுவருக்கு என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. உடைந்த மாதத்திலேயே சரி செய்து, பில்லை ஒரு போட்டோ எடுத்து, "இன்ன தேதி டைல்ஸ் மாற்றியாயிற்று, கூலியும் பொருளும் நான் கொடுத்தேன்" என்று ஒரு வரி அனுப்பி வையுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கும் பொறுப்புகளுக்குமான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. சேதம் ஏற்பட்டால் உரிமையாளருக்குக் கூடிய விரைவில் தெரிவிப்பது குடியிருப்பவரின் கடமை என்று அதில் இருக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பில்லை. கிரவுட் கறுத்துப்போவதும், நடந்து நடந்து பளபளப்பு மங்குவதும் என் கணக்கில் தேய்மானம்தான். வாஷ்பேசின், கழிவறைக் கோப்பை ஆகியவற்றின் பழுதை அந்தச் சட்டத்தின் பட்டியல் குடியிருப்பவர் பக்கமே எழுதி வைத்திருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

குளியலறைத் தரை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள். ஹாலில் உடைந்தது அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான். குளியலறையில் விரிசல் வழியே தினமும் தண்ணீர் இறங்கும். நம் அடுக்குமாடி வீடுகளில் குளியலறைத் தரையைத் தாழ்த்திப் போட்டு, செங்கல் ஜல்லியும் கலவையும் கொட்டி நிரப்பி, அதன் மேல்தான் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அதுதான். இறங்கும் தண்ணீர் அந்த ஜல்லிக்குள் குளம்போலத் தேங்கி, மெதுவாகக் கீழ்வீட்டுச் சீலிங்கில் மஞ்சள் திட்டாகத் தெரியவரும். விரிசலின் மேல் மிதியடி போட்டுக் காலம் ஓட்டிய ஒரு வீட்டுக்கு, கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வந்த பிறகு போனேன். ஒரு டைல்ஸில் முடிந்திருக்க வேண்டியது, தரை முழுவதையும் பெயர்த்து, வாட்டர் புரூஃபிங் புதிதாகப் பூசி, கீழ்வீட்டுச் சீலிங்கையும் பூசிக் கொடுப்பதில் முடிந்தது. அத்தனைக்கும் காரணம் அந்த விரிசல்தானா, அடியிலிருந்த பூச்சு முன்பே போயிருந்ததா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மறைத்து வைத்திருந்ததால், குடியிருந்தவர் சொன்ன எதையும் யாரும் நம்பவில்லை.

குளியலறையில் மாற்றும்போது சுத்தியலை ஓங்கி அடிக்க விடாதீர்கள், அடியில் இருக்கும் வாட்டர் புரூஃபிங் பூச்சு கிழியும். வாட்டம் நாணி டிராப்பை நோக்கித்தான் இருக்க வேண்டும். வேலை முடிந்து கிரவுட் காய்ந்ததும் டிராப்பைத் துணியால் அடைத்து ஒரு இஞ்ச் தண்ணீர் கட்டி, ஒரு நாள் விட்டுக் கீழ்வீட்டுச் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓனரையும் கூட வைத்துக்கொண்டு செய்தால் பின்னால் பேச்சு வராது.

வாஷ்பேசினில் பாட்டில் விழுந்து கீறல் விட்டிருந்தால் எம்-சீல் வைத்து ஒப்பேற்றுவதெல்லாம் புதிது வாங்கும்வரைதான். கீறலுக்குள் அழுக்கு இறங்கிக் கறுப்பு மயிரிழை மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டால் அது உள்வரை போய்விட்டது என்று அர்த்தம். கழிவறைக் கோப்பையில் கீறல் விட்டிருந்தால் அதில் உட்காரவே உட்காராதீர்கள். கனத்தில் உடைந்தால் அந்தப் பீங்கான் கத்தியைவிட மோசமாக அறுக்கும். புது பேசின் வாங்கப் போகும்போது பழையதன் அகலம், சுவரில் போல்ட்டுகளுக்கு இடையிலான தூரம், குழாய்த் துளை இருக்கும் இடம் ஆகியவற்றை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒத்துப்போனால் பிளம்பர் கூலியோடு முடியும். ஒத்துப்போகாவிட்டால் சுவர் டைல்ஸில் புதுத் துளை போட வேண்டும், அதில் இன்னொன்று விடும். பணம் தருவதும் உடைந்த தரத்துக்குத்தான். பழைய சாதா பேசினுக்குப் பதில் ஓனர் மேஜை மேல் வைக்கும் புது மாடல் கேட்டால், வித்தியாசத்தை அவர் போட்டுக்கொள்வதுதான் நியாயம். நான் ஓனர்கள் முன்னாலேயே இதைச் சொல்வேன், அதனால் எனக்கு இரண்டு மூன்று வேலை போயிருக்கிறது.

சில ஓனர்கள் எவ்வளவு சொன்னாலும் முப்பதாயிரத்தில்தான் நிற்பார்கள். அப்போது அவருக்குத் தெரிந்த மேஸ்திரி ஒருவரிடமும் வெளி ஆள் ஒருவரிடமும், அந்த ஒரு டைல்ஸுக்கு மட்டும் எழுத்தில் விலை வாங்குங்கள். இரண்டையும் அவருக்கு அனுப்பி, இதில் எதைச் சொல்கிறீர்களோ அதற்குப் பணம் தயார் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் பிரச்சினை டைல்ஸில் இல்லை.

வேலை முடிந்து பெட்டியில் மிச்சமிருக்கும் டைல்ஸைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். காசு நீங்கள் கொடுத்ததாகவே இருக்கட்டும், வீட்டோடு விட்டுவிட்டுப் போங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாமல், மாடல் பெயரும் ஷேட் எண்ணும் இருக்கும் பக்கத்தைக் கிழித்து டைல்ஸோடு சேர்த்துக் கட்டிப் பரணில் வையுங்கள். வைத்த இடத்தை ஓனருக்குச் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டைல்ஸ் மேஸ்திரி